காலில் உறைந்த ரத்தம், நெஞ்சில் அடைத்த மூச்சு

தோல் தொழில் நடக்கும் ஊர்களில் மூச்சு வாங்கினால் வீசிங் என்பார்கள், தூசி என்பார்கள். காற்று தாராளமாகப் போய்வந்தும் மூச்சு முட்டும் நோய் ஒன்று உண்டு. அது தொடங்குவது ஆடுசதையில்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரையை ஒட்டி நீளும் இந்தப் பகுதியில் மூச்சுத்திணறலுக்குக் காரணம் சொல்வது சுலபம். டேனரியில் ரசாயன நெடி, தோலைத் தேய்க்கும் இடத்தில் தூசி, ஷூ கம்பெனியில் பசை வாடை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவருக்கு நெபுலைசர் வைப்பதுதான் பல கிளினிக்குகளில் முதல் வேலை. பெரும்பாலான சமயங்களில் அது சரியாகவும் இருக்கிறது.

ஆனால் எப்போதாவது ஒருவர் வருவார். நேற்றுவரை மூச்சுக் கோளாறே கிடையாது. கட்டிலிலிருந்து எழுந்தார், பாத்ரூம் போனார், அந்த நிமிடத்திலிருந்து மூச்சு வாங்குகிறது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டால் இரண்டு பக்கமும் காற்று சுத்தமாகப் போய்வருகிறது. வீசிங் சத்தம் இல்லை. எக்ஸ்ரேயிலும் குறை தெரியவில்லை. நெபுலைசருக்கு மூச்சு அடங்கவில்லை. அந்த இடத்தில் அனுபவமுள்ள மருத்துவர் நெஞ்சை விட்டுவிட்டு, போர்வையை விலக்கி, இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

அவர் தேடுவது ஆழ்சிரை ரத்த உறைவு. டாக்டர்கள் சுருக்கமாக ‘டிவிடி’ என்பார்கள். காலில் உறைந்த ரத்தக்கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டால் அது ‘பல்மனரி எம்போலிசம்’. தமிழில் நுரையீரல் தக்கையடைப்பு.

வேலூர் எடுத்த கணக்கு

இந்தியர்களுக்கு, பொதுவாக ஆசியர்களுக்கே, காலில் ரத்தம் உறைவது அபூர்வம் என்று நீண்ட காலம் நம்பப்பட்டது. அதனால் ஆபரேஷனுக்குப் பிறகு உறைவைத் தடுக்கும் ஊசி போடுவதும் இங்கே பரவலாகவில்லை. இந்த நம்பிக்கையைச் சோதிக்க வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை மருத்துவர்கள் தங்கள் சொந்தப் பதிவேடுகளையே புரட்டினார்கள். 1996 முதல் 2005 வரை உள்நோயாளிகளாக இருந்தவர்களில், ஸ்கேன் போன்ற பரிசோதனைகளால் உறுதியான உறைவுகளை மட்டும் எண்ணி, 2009-இல் வெளியிட்டார்கள். 10,000 பேர் சேர்ந்தால் அவர்களில் சுமார் 17 பேருக்கு ஆழ்சிரை உறைவு இருந்தது.

எண் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் இது சந்தேகப்பட்டுப் பரிசோதித்து, நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை. சந்தேகமே வராதவர்கள் இதில் சேரவில்லை. நோய் இங்கே இல்லை என்று சொல்ல இனி முடியாது என்பதை வேலூரின் பதிவேடே காட்டிவிட்டது.

ஆடுசதைக்குள் என்ன நடக்கிறது?

இதயம் காலுக்கு அனுப்பும் ரத்தம் திரும்பி மேலே ஏறியாக வேண்டும். அதை ஏற்றிவிடுவது ஆடுசதை. நடக்கும்போது அந்தத் தசை சுருங்கி, தனக்குள் புதைந்திருக்கும் ஆழ்சிரைகளைப் பிழிகிறது. பிழிந்த ரத்தம் மேலே போகிறது. அது மறுபடி கீழே இறங்காமல் தடுக்கச் சிரைகளுக்குள் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. தசை அசையாமல் கிடந்தால் ரத்தம் மெதுவாகிறது. வால்வு மடிப்பின் பின்பக்கம் இருக்கும் பையில் அது ஏறக்குறைய தேங்கியே நிற்கிறது. அங்கே ஆக்சிஜன் குறைகிறது. சிரையின் உள்சுவர் தன் இயல்பு மாறி, உறைவைத் தூண்ட ஆரம்பிக்கிறது. முதல் உறைகட்டி பெரும்பாலும் பிறப்பது அந்தப் பையில்தான்.

ஓட்டம் குறைவது, ரத்தத்தின் உறையும் தன்மை கூடுவது, குழாய்ச் சுவர் காயப்படுவது என்ற மூன்றையும் உறைவுக்குக் காரணமாக மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அந்த மூன்றும் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோவின் பெயரால் அழைக்கப்படுகின்றன. நுரையீரல் தமனியில் காணப்படும் கட்டி அங்கேயே உருவானது என்று மற்றவர்கள் நினைத்திருந்த 1840-களில், அது வேறெங்கோ இருந்து வந்தது என்று சொன்னவர் அவர். நாய்களின் கழுத்துச் சிரையில் ரப்பர் துண்டு, சதைத் துண்டு போன்றவற்றைச் செலுத்தி, பிறகு அவற்றை நுரையீரல் தமனிக்குள் கண்டெடுத்துக் காட்டினார்.

வெறும் உட்கார்தல் என்ன செய்யும் என்பதற்கு லண்டன் ஒரு சாட்சி வைத்திருக்கிறது. 1940-இல் ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசிய மாதங்களில் மக்கள் இரவு முழுக்கப் பதுங்கிடங்களில் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்தே தூங்கினார்கள். நாற்காலியின் முன்கட்டை தொடையின் அடிப்பக்கத்தை அழுத்தியது. நுரையீரல் அடைத்துச் செத்தவர்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டின் அதே மாதங்களைப்போல ஆறு மடங்கானதைப் பிரேதப் பரிசோதனை மருத்துவர் கீத் சிம்ப்சன் கவனித்து எழுதினார். உட்கார்வதற்குப் பதிலாகப் படுக்க இடம் கொடுங்கள் என்பது அதிலிருந்து பிறந்த கோரிக்கை.

ஆம்பூர்ப் பக்கம் ஷூ அப்பர் தைக்கும் பெண்கள் மணிக்கணக்கில் மிஷின் முன் உட்காருகிறார்கள். கம்பெனி பஸ்ஸிலும் உட்கார்ந்தே பயணம். பாத்ரூம் போவதைக் குறைக்கத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்பவர்களும் உண்டு. ஆரோக்கியமான ஒருவருக்கு இது மட்டும் உறைகட்டியைக் கொண்டுவந்துவிடும் என்று சொல்ல முடியாது. தனியாக அதன் பங்கு சிறியது. அதோடு இன்னொன்று சேரும்போதுதான் கணக்கு மாறுகிறது: அண்மையில் நடந்த பிரசவம், பெரிய ஆபரேஷன், காலில் மாவுக்கட்டு, புற்றுநோய், ஈஸ்ட்ரோஜன் கலந்த ஹார்மோன் மாத்திரை, முன்பு ஒருமுறை வந்த உறைவு, குடும்பத்தில் இருக்கும் உறைவுக் கோளாறு.

பிய்ந்து கிளம்பும் நேரம்

வால்வுப் பையில் பிறந்த கட்டி ரத்தம் போகும் திசையிலேயே வளர்கிறது. ஆடுசதையிலிருந்து முழங்காலின் பின்புறம், அங்கிருந்து தொடை என்று மேலே ஏறுகிறது. அடி ஓரிடத்தில் ஒட்டியிருக்க, நுனி ரத்தத்தில் மிதக்கிறது. ஓடும் நீரில் கல்லைப் பிடித்துக்கொண்டு அலையும் பாசி மாதிரி. ஆரம்ப நாட்களில் இந்தக் கட்டி மிருதுவானது, எளிதில் உடையக்கூடியது. நாளாக நாளாகச் சிரைச் சுவரின் செல்கள் உள்ளே வளர்ந்து அதை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. ஆபத்து அதிகம் அந்தப் பிடிப்பு ஏற்படுவதற்கு முன்பு. புதிதாக மேலே மேலே சேரும் பகுதியும் ஒவ்வொரு முறையும் இதே மாதிரி மிருதுவாகத்தான் இருக்கும்.

பல நாள் படுத்திருந்தவர் எழுந்து நிற்கிறார். மலம் கழிக்க முக்குகிறார். இல்லையென்றால் வலிக்கிறதே என்று யாரோ எண்ணெய் போட்டுக் காலை உருவி விடுகிறார்கள். நுனி பிய்கிறது. தொடைச் சிரை, இடுப்புச் சிரை, வயிற்றின் பெருஞ்சிரை என்று வழி போகப் போக அகலமாகிக்கொண்டே வருகிறது; கட்டியைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை. சில நொடிகளில் இதயத்தின் வலப்பக்க அறைகளைத் தாண்டி, நுரையீரல் தமனிக்குள் நுழைகிறது. அங்கிருந்துதான் பாதை கிளை கிளையாகப் பிரிந்து குறுகுகிறது. தன் அகலத்துக்குப் பொருந்தாத முதல் கிளையில் கட்டி சிக்கிக்கொள்கிறது.

காற்று இருக்கிறது, ரத்தம் இல்லை

நுரையீரலில் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் மெல்லிய ரத்தக்குழாய்கள் சூழ்ந்திருக்கின்றன. உடம்பு ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம், அதாவது உடம்பில் உள்ள அளவு முழுவதும், இந்த வலைப்பின்னல் வழியாகப் போய் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு, கரியமில வாயுவை இறக்கிவிடுகிறது. காற்றும் ரத்தமும் ஒரே இடத்தில் சந்தித்தால்தான் இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கும்.

ஒரு கிளைத் தமனி அடைபட்டால் அதைச் சார்ந்த அறைகளுக்குக் காற்று வழக்கம்போல வருகிறது. ரத்தம் வருவதில்லை. அங்கே இழுத்த மூச்சு அத்தனையும் வீண். கரியமில வாயுவை வெளியேற்றக்கூட மிச்சமுள்ள பகுதி அதிகமாக உழைக்க வேண்டும். அதனால் மூச்சு வேகமாகிறது. ஸ்டெதாஸ்கோப்பில் காற்று சுத்தமாகக் கேட்பதும், எக்ஸ்ரே தெளிவாக இருப்பதும் இதனால்தான். கோளாறு காற்றுக்குழாயில் இல்லை.

அடைபட்ட பக்கம் போக வேண்டிய ரத்தம் எங்கே போகும்? திறந்திருக்கும் பக்கம் பாய்கிறது. அங்கே இப்போது ரத்தம் மிகுதி, அதற்கேற்ற காற்று இல்லை. போதிய ஆக்சிஜன் ஏறாமலேயே ரத்தத்தின் ஒரு பகுதி இதயத்துக்குத் திரும்பிவிடுகிறது. அதோடு கட்டியில் உள்ள தட்டணுக்கள் செரோடோனின் போன்ற பொருட்களைக் கசியவிட்டு, அடைபடாத குழாய்களையும் சுருங்கவைக்கின்றன. கட்டியின் அளவைவிடப் பாதிப்பு பெரிதாவதற்கு இது ஒரு காரணம்.

மூச்சு முட்டுகிறது என்ற அந்த உணர்வு, ஆக்சிஜன் குறைவதற்கு முன்பே வந்துவிடலாம். அதை விளங்கவைத்தவர்களில் ஒருவர் இந்திய உடலியல் அறிஞர் அவ்தார் சிங் பெயின்டல். நுரையீரலின் நுண்குழாய்களுக்குப் பக்கத்தில் இருக்கும் நரம்பு முனைகளை அவர் கண்டறிந்தார். இன்று உலகம் அவற்றை ‘ஜே’ உணர்விகள் என்கிறது. அவருடைய 1955-ஆம் ஆண்டு ஆய்வில் உருளைக்கிழங்கு மாவுத் துகள்கள் நுரையீரல் நுண்குழாய்களை அடைத்தபோது இந்த முனைகள் எப்படித் தூண்டப்படுகின்றன என்பதும் இடம்பெற்றது. தூண்டப்பட்ட முனைகள் மூளைக்குச் செய்தி அனுப்ப, மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் ஆகிறது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 96 காட்டிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் திணறிக்கொண்டிருக்க முடியும். எண் நன்றாக இருக்கிறது, பயத்தில்தான் மூச்சு வாங்குகிறார் என்று அவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

உயிரைப் பறிப்பது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அல்ல, இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்துபோவது. உடம்புக்கு ரத்தம் அனுப்பும் இடப்பக்க அறை தடித்த சுவர் கொண்டது. நுரையீரலுக்கு அனுப்பும் வலப்பக்க அறையின் சுவர் அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தடிமன்தான். நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 15 அளவில் இருப்பதால் அந்தச் சுவரே போதுமானதாக இருந்தது. பெரிய கட்டி இரண்டு பக்கமும் அடைத்தால் அந்த அழுத்தம் திடீரென ஏறுகிறது. பழக்கமில்லாத வலப்பக்க அறையால் சராசரி 40-ஐத் தாண்டி அழுத்தம் கொடுக்க முடியாது. அது ஊதிப் பெருக்கிறது. நடுச்சுவரை இடப்பக்கம் தள்ளுகிறது. நுரையீரலைத் தாண்டி வரும் ரத்தமே குறைந்துவிட்டதால் இடப்பக்க அறை நிரம்புவதில்லை. பிபி இறங்குகிறது, ஆள் மயங்கி விழுகிறார். மூச்சு வாங்கியதோடு ஒரு நிமிடமாவது மயக்கம் வந்தது என்றால், பெரிய கட்டியோ என்று மருத்துவர் கவலைப்படுவது இதனால்தான்.

சின்னக் கட்டிகளின் நடத்தை வேறு. அவை நுரையீரலின் ஓரம்வரை போய்விடுகின்றன. மூச்சை இழுக்கும்போது விலாவில் சுருக்கென்று குத்தும். சளியில் ரத்தக்கீற்று வரலாம்.

ஒரு நோயாளியைப் பின்தொடர்ந்தால்…

நடந்த ஒரு சம்பவமாக இல்லாமல், வழக்கமாக நடக்கும் வரிசையில் ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். ஷூ கம்பெனியில் வேலை செய்யும் 42 வயதுக்காரர். பைக்கில் வரும்போது மாதனூர் பக்கம் விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு, ஆறு வாரம் ஓய்வு. மூன்றாவது வாரத்தில் ஆடுசதையில் ஒரு கடுகடுப்பு. எலும்பு கூடுகிற வலி என்று விட்டுவிட்டார்கள்.

ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். கால் வீங்கியிருந்தது. கட்டுக்குள் இருந்த கால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள் வீட்டில். கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஆறு வாரம் அசையாத காலின் ஆடுசதை மெலிந்திருக்க வேண்டும். கணுக்கால் பக்கம் கொஞ்சம் வீக்கம் சகஜம். ஆடுசதையே மற்றக் காலைவிடப் பருத்து, தொட்டால் சூடாக, அமுக்கினால் வலித்தால் அது சகஜம் இல்லை. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் துருத்தும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. இறங்கி, தையற்காரர் டேப்பை வைத்து இரண்டு கால்களையும் சுற்றி அளந்தால், 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருப்பது மருத்துவர்கள் மதிப்பெண் போடும் அடையாளங்களில் ஒன்று.

அவர் வீட்டில் டேப் எடுக்கவில்லை. எண்ணெய் காய்ச்சித் தேய்த்து உருவி விட்டார்கள். மறுநாள் காலை கழிப்பறையிலிருந்து எழுந்தவருக்கு மூச்சு வாங்கியது, வியர்த்தது, கண் இருட்டியது. ஆஸ்பத்திரியில் நாடித்துடிப்பு 124, மூச்சு நிமிடத்துக்கு 30, பிபி 100, ஆக்சிமீட்டரில் 89. நுரையீரல் சத்தம் சுத்தம்.

இங்கே மருத்துவர் மனதுக்குள் போடும் கணக்குக்கு வெல்ஸ் அளவுகோல் என்று பெயர். காலில் உறைவின் அடையாளம் இருக்கிறது: 3 மதிப்பெண். இந்த மூச்சுத்திணறலுக்கு இதைவிடப் பொருத்தமான வேறு காரணம் இல்லை: 3. நாடி 100-க்கு மேல்: ஒன்றரை. கடந்த நான்கு வாரங்களுக்குள் நடமாட்டம் இல்லாமல் இருந்தார்: ஒன்றரை. மொத்தம் 9. நான்குக்கு மேல் போனாலே சந்தேகம் வலுவானது. நேராக நுரையீரல் தமனிக்கான சி.டி. ஸ்கேன். டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை இவருக்கு உதவாது. சந்தேகம் குறைவாக உள்ளவர்களிடம் ‘இது இல்லை’ என்று ஒதுக்குவதற்குத்தான் அது நல்ல கருவி. எலும்பு முறிவு, ஆபரேஷன், பிரசவம் எல்லாவற்றிலும் அது தானாகவே உயர்ந்திருக்கும்.

இவ்வளவு வலுவான சந்தேகம் இருந்தால், ரத்தக்கசிவு ஆபத்து இல்லாதவருக்கு ஸ்கேனுக்குக் காத்திராமல் ஹெப்பாரின் ஊசி போடலாம். ஆம்பூரிலிருந்து வேலூர் சுமார் 50 கிலோமீட்டர். முதல் ஊசி அந்தப் பயணத்துக்கு முன்பா பின்பா என்பது, அடுத்த கட்டி கிளம்புமா என்பதோடு சம்பந்தப்பட்டது.

காலில் இல்லையென்றால்?

மாவுக்கட்டைப்போலப் பிரசவமும் உறைவுக்கு வழிவிடுகிறது. தமிழ்நாட்டில் இப்போது பிரசவங்களில் ஏறக்குறைய பாதி சிசேரியன். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொன்ன விகிதம் 44.9 சதவீதம். பிரசவ ரத்தப்போக்கைச் சமாளிக்க உடம்பே ரத்தத்தின் உறையும் தன்மையைக் கூட்டி வைக்கிறது. அது அடங்கச் சுமார் ஆறு வாரம் ஆகும். அந்த நாட்களில் பிள்ளை பெற்றவளை அசையவிடாமல் படுக்கவைப்பதும், தண்ணீரை அளந்து கொடுப்பதும் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. மருத்துவர்கள் கேட்பது இதற்கு நேர் எதிரானது: சீக்கிரம் எழுந்து நடக்க வேண்டும், தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் 2017 செப்டம்பரில் சிசேரியனில் மகளைப் பெற்றார். மறுநாளே மூச்சுத் திணறியது. முன்பு 2011-இல் இதே நோயைக் கண்டவர் என்பதால், சி.டி. ஸ்கேனும் ஹெப்பாரினும் வேண்டும் என்று தானே கேட்டார். வலி மருந்தின் குழப்பத்தில் பேசுகிறார் என்று முதலில் நினைத்தார்கள். காலுக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. பிறகு எடுத்த சி.டி.யில் நுரையீரலில் பல சிறு கட்டிகள் இருந்தன. காலில் இருந்தது முழுவதும் ஏற்கெனவே கிளம்பியிருக்கலாம். இடுப்புக்குள் இருக்கும் சிரையிலிருந்தும் வந்திருக்கலாம். கால் ஸ்கேன் சுத்தமாக இருந்தால் நுரையீரலும் சுத்தம் என்று அர்த்தம் இல்லை.

மருந்து கட்டியைக் கரைப்பதில்லை

ஹெப்பாரின் உறைகட்டியைக் கரைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது செய்வது, கட்டி மேலும் வளராமல் நிறுத்துவது. வளர்ச்சி நின்றால், உடம்பில் இயல்பாக இருக்கும் பிளாஸ்மின் என்ற பொருள் நாட்கணக்கில், வாரக்கணக்கில் கட்டியை அரித்துக் கரைக்கிறது. அந்த அவகாசத்தை வாங்கிக்கொடுப்பது என்ன மதிப்புடையது என்பதை 1960-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பாரிட், ஜோர்டன் என்ற இரு மருத்துவர்கள் காட்டினார்கள். ரத்த உறைவெதிர்ப்பு மருந்து கொடுக்காத 19 பேரில் 5 பேர் நுரையீரல் அடைத்து இறந்தார்கள். கொடுத்த 16 பேரில் அப்படி ஒருவரும் இறக்கவில்லை. அதற்குமேல் மருந்தை மறுத்து ஆய்வைத் தொடர்வது நியாயமில்லை என்று நிறுத்திவிட்டார்கள்.

நம் உதாரண நோயாளிக்கு பிபி 90-க்குக் கீழே இறங்காததால் ஹெப்பாரினும் கண்காணிப்பும் போதும். இறங்கியிருந்தால் உடம்பு தானாகக் கரைக்கக் காத்திருக்க நேரம் இருக்காது. அப்போது ஆல்டெப்ளேஸ் போன்ற கரைப்பு மருந்தை 100 மில்லிகிராம், இரண்டு மணி நேரத்தில் ஏற்றுவார்கள். அது மூளையிலும் ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடியது என்பதால் எல்லோருக்கும் கொடுப்பதில்லை.

பிறகு மாத்திரை, குறைந்தது மூன்று மாதம். அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் என்றால் ஐ.என்.ஆர். பரிசோதனை 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். ரிவராக்சபான், அபிக்சபான் போன்றவற்றுக்கு அந்தப் பரிசோதனை தேவையில்லை. சிக்கல் வருவது இரண்டாவது, மூன்றாவது வாரத்தில். மூச்சு சீராகிவிடுகிறது, கால் வீக்கம் வற்றுகிறது, மாத்திரை நின்றுபோகிறது. ஆனால் அந்த வாரத்தில் பழைய கட்டி இன்னும் முழுதாகக் கரைந்திருக்காது. உறையவைத்த காரணமும் நீங்கியிருக்காது. இரண்டாவது முறை கிளம்பும் கட்டி, ஏற்கெனவே பாதி அடைபட்ட நுரையீரலையும் களைத்துப்போன வலப்பக்க இதயத்தையும் போய்ச் சேர்கிறது. மாத்திரை சாப்பிடும் நாட்களில் கறுப்பாக மலம் போனாலோ, ஈறில் ரத்தம் நிற்காவிட்டாலோ மருத்துவரிடம் ஓட வேண்டும்; தானாக நிறுத்துவது அதற்குப் பதில் ஆகாது.

மூன்று மாதம் முடிந்து ஒருமுறை மருத்துவரைப் பார்ப்பதற்கும் காரணம் இருக்கிறது. சிலருக்குக் கட்டி முழுதாகக் கரையாமல் தழும்பாக மாறி, நுரையீரல் தமனியில் அழுத்தத்தை நிரந்தரமாக உயர்த்திவிடுகிறது. முன்பு மூச்சு வாங்காமல் ஏறிய அதே மாடிப்படியில் இப்போது பாதியில் நிற்க வேண்டியிருந்தால், அதை மருத்துவரிடம் சொல்லி, இதயத்துக்கு ஒரு எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும்.